மாணிக்கமா, கண்ணாடி அடைச்ச கல்லா? கண்டுபிடிக்கிறது எப்படி

4.2 கேரட் மாணிக்க மோதிரம், கல்லு மட்டும் 12,000 ரூபா, ரிப்போர்ட்டோட வாங்குனேன். விரலுக்கு இறுக்கமா இருந்துச்சுனு ஆசாரிகிட்ட பெருசு பண்ணக் குடுத்தேன், அவரு ஊதி பத்தவச்சு ஆசிட் தண்ணில போட்டு எடுத்தா கல்லு மேல வெள்ளை வெள்ளையா சிலந்தி வலை. "தம்பி, இது உள்ள கண்ணாடி ஊத்துன கல்லுப்பா"ன்னாரு. வெடிப்பு நிறைஞ்ச மட்டமான கல்லுல ஈயக் கண்ணாடியை உருக்கி இறக்கிட்டா வெடிப்பு கண்ணுக்கே தெரியாது. சூடும் ஆசிடும் பட்டா கண்ணாடி கரைஞ்சு குட்டு வெளிய வந்துரும்.

1. கலர். கடையோட மஞ்ச லைட்டுல எல்லா மாணிக்கமும் ஜொலிக்கும், அதுல சிவப்பு வெளிச்சம் ஜாஸ்தி. வாசலுக்குக் கொண்டு வந்து, நேர் வெயில் படாம நிழல்ல பாருங்க. அங்கயும் சிவப்பாவே நின்னா சந்தோஷம், கறுத்தாலோ வெளிறினாலோ விலையைக் குறைச்சுக் கேளுங்க.

2. லென்ஸ். நான் மாட்டுனது இங்கதான். 10 மடங்கு லென்ஸை கண்ணோட ஒட்டி வச்சுட்டு கல்லை ஒரு இன்ச் தூரத்துக்குக் கொண்டு வரணும், நான் பூதக்கண்ணாடி மாதிரி கல்லு மேல வச்சுப் பாத்துட்டு ஒண்ணும் தெரியலையேனு விட்டுட்டேன். பின்னாடி கறுப்புத் துணி, பக்கவாட்டுல டார்ச், கல்லை மெதுவா சாய்ச்சுகிட்டே வாங்க. ஒரு கோணத்துல வெடிப்புக்குள்ள நீலமோ ஊதாவோ பளிச்சுனு அடிச்சு மறைஞ்சா அது கண்ணாடி. இன்னும் கொஞ்சம் சாய்ச்சா மறைஞ்சே போயிரும், அதனால அவசரப்படாதீங்க. உருண்டையா காத்துக் குமிழி தெரிஞ்சாலும் சந்தேகந்தான்.

யூவி டார்ச் வாங்கிக் காசைக் கரியாக்காதீங்க. நல்ல மாணிக்கமும் சிவப்பா ஒளிரும், ஃபேக்டரில செஞ்சதும் ஒளிரும்.

3. ரிப்போர்ட். என்னோடதுல பெருசா "நேச்சுரல் ரூபி"னு போட்டிருந்துச்சு, அதோட மடிச்சு வச்சுட்டேன். அது பொய்யும் இல்ல, கல்லு மண்ணுல வெளஞ்சதுதான். கீழ கமெண்ட்ஸ்ல பொடி எழுத்துல "லெட் கிளாஸ் ஃபில்டு"னு இருந்ததை சேதாரம் ஆனப்புறம்தான் படிச்சேன். அங்க "இண்டிகேஷன்ஸ் ஆஃப் ஹீட்டிங்"னு மட்டும் இருந்தா பயப்பட வேணாம், சூடு பண்றது மார்க்கெட்ல சகஜம், விலைதான் குறையணும். "நோ இண்டிகேஷன்ஸ்"னு இருந்தா சூடே பண்ணாதது, அதுக்குத்தான் பெரிய விலை. ரிப்போர்ட் நம்பரை லேப் சைட்டுல போட்டுப் பாருங்க, கடைத் தராசுல கேரட்டை நிறுத்து ஒத்துப் பாருங்க, வேற கல்லோட ரிப்போர்ட்டை ஒட்டி விக்கிறதும் நடக்குது.

அப்டேட்: நீலத்துக்கு என்ன பண்றதுனு ரெண்டு மூணு பேர் கேட்டீங்க. ரிப்போர்ட்டு அதே மாதிரிதான் படிக்கணும். ஆனா லென்ஸ்ல பட்டு நூல் மாதிரி மெல்லிய ஊசிகள் முழுசா தெரிஞ்சா அது பெரும்பாலும் அதிகமா சூடு படாத கல்லு, ஏன்னா அந்த அளவு சூட்டுல ஊசி கரைஞ்சு புள்ளி புள்ளியா உடைஞ்சிரும். இலங்கையில வெளுத்த கியூடா கல்லை சூடு பண்ணி நீலமாக்குறது இப்படி ஊசியைக் கரைச்சுத்தான், ஊசில இருக்குற டைட்டேனியம் கல்லுக்குள்ள இருக்குற இரும்போட சேர்ந்துதான் அந்த நீல நிறத்தைக் குடுக்குது.