pH அளவீட்டிலிருந்து முடிவுநிலையைக் கண்டுபிடிப்பது: எக்செல்லில் முதல் வகைக்கெழு

பீனால்ப்தலீன் எந்தச் சொட்டில் இளஞ்சிவப்பானது என்று இரண்டு பேர் பார்த்தால் இரண்டு பதில் வரும். pH மீட்டர் வைத்துத் தரம்பார்த்தால் அந்தச் சண்டை இல்லை. ஆனால் S வடிவ வளைகோட்டை வரைந்து, அதில் செங்குத்தாக ஏறும் இடத்தைக் கண்ணால் குறித்தால், சண்டை நிறத்திலிருந்து வளைகோட்டுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். அந்த ஏற்றம் எங்கே மிக அதிகம் என்பதை எண்ணாகவே கணக்கிட்டுவிடலாம். ஒரு மி.லி. சேர்த்தால் pH எவ்வளவு மாறுகிறது என்பதே முதல் வகைக்கெழு. அது உச்சத்தைத் தொடும் கன அளவுதான் நாம் தேடும் முடிவுநிலை.

எடுத்துக்காட்டுக்கு, 25.00 மி.லி. அசிட்டிக் அமிலத்தை 0.1000 M சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்க்கிறோம். முதலில் ஒவ்வொரு மி.லி.யாகச் சேர்த்து முடிவுநிலை தோராயமாக எங்கே என்று தெரிந்துகொண்டு, மறுமுறை அதை நெருங்கியதும் 0.10 மி.லி.யாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலக்கி, மீட்டரின் எண் அசையாமல் நின்ற பிறகே எழுதுங்கள். முடிவுநிலையை ஒட்டிய வாசிப்புகள் இவை. A நிரலில் கன அளவு, B நிரலில் pH. தலைப்பு முதல் வரிசையில்.

```
A      B
24.00  6.33
24.20  6.50
24.40  6.77
24.50  7.00
24.60  7.55
24.70  10.08
24.80  10.51
24.90  10.72
25.00  10.86
```

அடுத்து, C3, D3 கட்டங்களில் இந்த இரண்டையும் தட்டச்சு செய்து பத்தாவது வரிசை வரை கீழே இழுங்கள்.

```
C3:  =(A2+A3)/2
D3:  =(B3-B2)/(A3-A2)
```

D நிரல்தான் வகைக்கெழு. C நிரலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. 24.60-க்கும் 24.70-க்கும் இடையே pH 2.53 ஏறியது. 0.10-ஆல் வகுத்தால் 25.3. இந்தச் சாய்வு 24.70-க்கு உரியதல்ல, இரண்டுக்கும் நடுவில் உள்ள 24.65-க்கு உரியது. D-யை A நிரலுக்கு எதிரே வரைந்தால் உச்சம் 24.70-இல் விழும். நீங்களாகவே 0.05 மி.லி. பிழையைச் சேர்த்துக்கொண்டதாகிவிடும்; அது ஒரு சொட்டு அளவு.

இப்போது C3:D10 பகுதியைத் தேர்ந்தெடுத்து `Insert` பட்டியிலிருந்து `Scatter` வரைபடம் போடுங்கள். `Line` வேண்டாம். அது கன அளவுகளைக் கிடை அச்சின் எண்களாக எடுத்துக்கொள்ளாமல் புள்ளிகளைச் சம இடைவெளியில் அடுக்கிவிடும். நம் தரவில் முதல் இரண்டு படிகள் 0.20, மற்றவை 0.10 என்பது அதற்குத் தெரியாது. நானும் முதல் தடவை `Line` போட்டுவிட்டு, உச்சம் ஏன் கோணலாக நிற்கிறது என்று வெகுநேரம் குழம்பியிருக்கிறேன்.

வரைபடத்தில் 5.5, 25.3, 4.3 என்று கூர்மையான ஒரே கோபுரம் தெரிய வேண்டும். உச்சத்தின் கன அளவை எக்செல்லே எடுத்துக் கொடுக்கும்:

```
=INDEX(C3:C10,MATCH(MAX(D3:D10),D3:D10,0))
```

விடை 24.65 மி.லி. எனவே அமிலத்தின் செறிவு 0.1000 × 24.65 ÷ 25.00 = 0.0986 M.

வரைபடத்தைப் பார்க்காமல் இந்தச் சூத்திரத்தை மட்டும் நம்பாதீர்கள். 10.08 என்பதற்குப் பதில் 10.80 என்று தட்டியிருந்தால் அடுத்த சாய்வு எதிர்க்குறியில் வரும். காரத்தைச் சேர்க்கச் சேர்க்க pH இறங்காது என்பதால், D நிரலில் எதிர்க்குறி தெரிந்தால் நோட்டுப் புத்தகத்தைத் திரும்பப் பாருங்கள். `#DIV/0!` வந்தால் ஒரே கன அளவை இரு வரிசையில் எழுதியிருக்கிறீர்கள்.

படியின் அளவும் விடையைத் தீர்மானிக்கிறது. இதே தரம்பார்த்தலில் 24.00, 25.00 என்ற இரண்டு வாசிப்புகள் மட்டும் இருந்திருந்தால் உச்சம் 24.50 என்று வந்திருக்கும், 0.15 மி.லி. குறைவு. அதற்காக 0.02 மி.லி.யாகப் பொடித்துச் சேர்த்தாலும் பயனில்லை. பியூரெட்டை வாசிப்பதில் வரும் பிழையே அந்த அளவு இருக்கும். அந்தச் சிறிய எண்ணால் வகுக்கும்போது பிழை ஊதிப் பெருகி, ஒரு கோபுரத்துக்குப் பதில் ரம்பப் பல் மாதிரி நாலைந்து முனைகள் நிற்கும். 0.10 மி.லி. படியில் எடுத்த உச்சத்தை 24.60-க்கும் 24.70-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்றே படிக்க வேண்டும். 24.65 என்பது அந்த இடைவெளியின் நடுப்புள்ளி. அதற்கு மேல் தசம இடங்களை எக்செல் காட்டினாலும் எழுதாதீர்கள்.