வெபினார் விளம்பர வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி: கடைசி வரியில் தொடங்குங்கள்

என் அண்ணி மாடித் தோட்டம் வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் ஜூமில் இலவச வகுப்பு எடுக்கலாம் என்று ஆசைப்பட்டார். விளம்பர வீடியோ செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் வீடியோவைச் சில நூறு பேர் பார்த்தார்கள், பதிவு செய்தவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேர் எங்கள் வீட்டு ஆட்கள். அப்புறம் அதே தலைப்புக்கு, அதே போனில், ஸ்கிரிப்டை மட்டும் மாற்றி எடுத்தோம். இந்தமுறை ஆட்கள் வந்தார்கள். அந்த இரண்டு ஸ்கிரிப்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஜூமில் மீட்டிங் உருவாக்குவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும். வீடியோவில் 'ஒரு மணி நேரம்' என்று சொல்வதற்கு முன் அதைப் பாருங்கள்.

படி 1: பதிவு செய்யச் சொல்லும் வரியை முதலில் எழுதுங்கள்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். முதல் வீடியோவில் மேலிருந்து எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் களைத்துப்போய், 'கீழே உள்ள லிங்கில் பதிவு செய்யுங்கள், லைக் பண்ணுங்கள், நண்பர்களுக்குப் பகிருங்கள்' என்று முடித்துவிட்டேன். அந்த ஒரே வீடியோவை வாட்ஸப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ் மூன்றிலும் போட்டேன்.

வாட்ஸப்பில் வீடியோவோடு எழுதிய லிங்கை அழுத்தலாம். ரீல்ஸின் கீழே எழுதும் லிங்க் வெறும் எழுத்துதான், அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஷார்ட்ஸின் விவரப் பகுதியிலும் கமெண்டிலும் இருக்கும் லிங்குகளை 2023 ஆகஸ்ட் இறுதியில் யூடியூப் செயலிழக்கச் செய்துவிட்டது. ஆக, மூன்றில் இரண்டு இடத்தில் நாங்கள் சொன்ன 'கீழே உள்ள லிங்க்' இல்லவே இல்லை. அண்ணியின் தோழி ஒருவர் போன் செய்து, 'விரலால குத்திக் குத்திப் பார்த்தேன், எதுவும் திறக்கலையே' என்று சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அதனால் கடைசி வரியை மட்டும் மூன்று தடவை படம் பிடியுங்கள். வாட்ஸப்புக்கு 'கீழ இருக்கற லிங்க்'. இன்ஸ்டாவுக்கு 'எங்க பேரைத் தொட்டு உள்ள போனா பயோவுல லிங்க் இருக்கு'. ஷார்ட்ஸுக்கு 'எங்க சேனல் பக்கத்துல லிங்க் இருக்கு'. மற்ற பகுதி மூன்றுக்கும் பொது. கூடுதலாகப் பத்து நிமிட வேலை, அவ்வளவுதான்.

வீடியோவை யாராவது இறக்கி வேறு குழுவில் போட்டால் நீங்கள் எழுதிய லிங்க் கூடவே போகும் என்று உறுதியில்லை. அதனால் கடைசிச் சட்டகத்தில் வாட்ஸப் எண்ணையோ சுருக்கிய லிங்கையோ பெரிதாக எழுதிவிடுங்கள்.

கேட்பது ஒரே ஒரு காரியமாக இருக்கட்டும். லைக்கும் பகிர்வும் கேட்டால், பார்ப்பவர் மூன்றில் சுலபமானதைச் செய்துவிட்டுப் போய்விடுவார். லிங்கை அழுத்திய பிறகு என்ன நடக்கும் என்பதையும் சொல்லுங்கள். 'பேரும் நம்பரும் மட்டும் போடுங்க' என்றால் ஐந்து பக்கப் படிவமாக இருக்குமோ என்ற தயக்கம் போகும்.

படி 2: பயனை, அவர் கையில் என்ன இருக்கும் என்பதாக எழுதுங்கள்

எங்கள் முதல் ஸ்கிரிப்டில் 'பூச்சி மேலாண்மை உத்திகள், இயற்கை இடுபொருள்கள், பராமரிப்பு முறைகள்' என்று இருந்தது. பல்கலைக்கழகப் பாடத்திட்டம் மாதிரி. அதை வாசித்துக் காட்டினேன். அம்மா, 'அப்படின்னா என்ன செய்யணும்?' என்று கேட்டார். அந்தக் கேள்வியே நல்ல உரைகல்லாக இருந்தது. ஒவ்வொரு வரியையும் அதைக் கேட்டு உரசிப் பார்த்தோம்.

பூச்சி மேலாண்மையா? அப்படின்னா? மாவுப்பூச்சி. அதில் என்ன? எறும்பைத் தடுக்காமல் மாவுப்பூச்சியை அடக்குவது கஷ்டம். ஏன்? அது கசியவிடும் இனிப்பான திரவத்துக்காக எறும்பு காவல் நிற்கும், பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டும். சரி, இதுதான் சொல்ல வேண்டியது. இயற்கை இடுபொருளா? வேப்பெண்ணெய். அதில் எங்கே சிக்கல்? தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும், சோப்புக் கரைசலில் கலந்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். இதை அனுபவித்தவர் 'ஆமாம், எனக்கும் மிதந்தது' என்று நிமிர்ந்து உட்காருவார்.

மூன்று பயன் போதும். மூன்றையும் கேள்வியாக விட்டுவிடுங்கள், பதில் வகுப்பில் கிடைக்கட்டும். 'ஒரே வாரத்தில் பூச்சி ஒழியும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். மாவுப்பூச்சி அப்படிப் போகாது. அதை நம்பி வந்தவர்கள் அடுத்த வாரம் கமெண்டில் வந்து நிற்பார்கள்.

படி 3: கொக்கியைக் கடைசியில் எழுதுங்கள்

முதல் நான்கு வினாடியைத்தான் கொக்கி என்கிறேன். 'வணக்கம், நான் இன்னார், பத்து வருடமாக...' என்று தொடங்கினால் கட்டைவிரல் அதற்குள் தள்ளிவிடும். பயன்களை எழுதி முடித்த பிறகு, அவற்றுக்குக் காரணமான தொல்லை கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். எங்களுக்கு அது செம்பருத்தி இலையின் அடிப்பக்கம். வெள்ளையாக, பஞ்சு ஒட்டியது போல. நிறையப் பேர் அதைப் பூஞ்சை என்று நினைத்து வேறு மருந்து அடிக்கிறார்கள். அந்தத் தவறான நினைப்பைத் தொட்டதும் கொக்கி தானாக அமைந்துவிட்டது. முகத்தை அப்புறம் காட்டிக்கொள்ளலாம், இலையை முதலில் காட்டுங்கள்.

முழு ஸ்கிரிப்ட்

எழுத்துத் தமிழில் எழுதிவிட்டுப் பேசினால் செய்தி வாசிப்பது போல இருக்கும். அதனால் வாயில் வருவதை அப்படியே எழுதினோம்.

(இலையைத் திருப்பும் கை, மிக அருகில்) "செம்பருத்தி இலைக்கு அடியில இப்படி வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கா? இது பூஞ்சை இல்ல, பூச்சி."

(அண்ணியின் முகம், பின்னால் தொட்டிகள்) "மாவுப்பூச்சி. தண்ணி பீச்சி அடிச்சா போன மாதிரி இருக்கும். பத்து நாள்ல திரும்ப வந்து உட்காரும்."

(தண்டில் ஏறும் எறும்பு, வாளியில் மிதக்கும் எண்ணெய், கையில் கத்தரிக்கோல்) "எறும்பு ஏன் இதுக்குக் காவல் நிக்குது, வேப்பெண்ணெய் தண்ணில மிதக்காம எப்படிக் கலக்கறது, எந்தக் கிளையை வெட்டணும், எதை விடலாம். மூணையும் எங்க மாடியில செடியை வச்சே காட்டறேன். உங்க செடி போட்டோ அனுப்பினா அதையும் பார்த்துச் சொல்றேன்."

(திரையில் தேதியும் நேரமும் பெரிதாக) "ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி, இந்திய நேரம். ஒரு மணி நேரம், ஜூம்ல. கட்டணம் கிடையாது."

(முகம், கீழே வாட்ஸப் எண்) "கீழ இருக்கற லிங்கை அழுத்தி பேரும் வாட்ஸப் நம்பரும் மட்டும் போடுங்க. ஜூம் லிங்க் உங்க வாட்ஸப்புக்கே வரும்."

சுமார் 80 வார்த்தை. அண்ணி பேசும் வேகத்தில் 50 வினாடி சொச்சம் வந்தது. நிமிடத்துக்கு 150 வார்த்தை என்ற ஆங்கிலக் கணக்கை நம்பி முதலில் நான் 140 வார்த்தை எழுதினேன், ஒன்றரை நிமிடம் ஓடியது. தமிழில் ஒரு வார்த்தைக்குள்ளேயே மூன்று ஆங்கில வார்த்தை அடங்கிக் கிடக்கும். அதனால் வார்த்தையை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், போனில் வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டு ஒரு முறை படித்துப் பாருங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

'வரும் ஞாயிறு' என்று சொல்லவே கூடாது. வீடியோ புதன்கிழமை ஒருவர் கைக்குப் போகும், அடுத்த செவ்வாய் இன்னொருவர் கைக்குப் போகும். எங்கள் முதல் வீடியோவை நம்பி ஒருவர் ஒரு வாரம் கழித்து வந்து காத்திருந்தார். தேதியும் கிழமையும் சேர்ந்தே வரட்டும்.

படம் பிடிக்கும்போது

டெலிப்ராம்ப்டர் ஆப் எனக்குப் பிடிக்காது, கண் இடவலமாக ஓடுவது தெரியும். ஒவ்வொரு பகுதியையும் மனப்பாடம் செய்து தனித்தனியாக எடுங்கள், ஐந்து துண்டுதானே. பின்னணி இசையும் வேண்டாம், போட்டே தீருவேன் என்றால் காதில் விழுந்தும் விழாத அளவுக்கு வையுங்கள். ஒலியை அணைத்துப் பார்ப்பவர்களுக்காகத் திரையில் எழுத்து கட்டாயம் வேண்டும். எடிட்டிங் ஆப்களின் அலங்கார எழுத்துருக்களில் தமிழ்க் கொம்பும் காலும் இடம் மாறி விழும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்ட பிறகு எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க

யூடியூப் ஸ்டுடியோவிலும் இன்ஸ்டாவின் இன்சைட்ஸிலும் எத்தனை வினாடி பார்த்தார்கள் என்று ஒரு வரைபடத்தில் தெரியும். முதல் சில வினாடியிலேயே கோடு செங்குத்தாக விழுந்தால் கொக்கி சரியில்லை. நடுவில் சரிந்தால் பயன்கள் இழுவை. கடைசிவரை பார்த்தும் லிங்கை யாரும் தொடவில்லை என்றால் கடைசி வரியில் கோளாறு. லிங்கைத் திறந்தும் பதிவு வரவில்லை என்றால் ஸ்கிரிப்டைத் திட்டாதீர்கள், படிவத்தைப் பாருங்கள். அது எங்களுக்கே நடந்தது, கீழே இருக்கிறது.

பின்சேர்க்கை 1: கூகுள் படிவத்தில் 'செடியின் படத்தைப் பதிவேற்றுங்கள்' என்று ஒரு கேள்வி வைத்திருந்தோம். கோப்புப் பதிவேற்றக் கேள்வி இருந்தால் படிவம் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். கடவுச்சொல் நினைவில்லாதவர்கள் அங்கேயே திரும்பிவிட்டார்கள். `Limit to 1 response` என்பதை இயக்கினாலும் இதே கதைதான். இரண்டையும் எடுத்துவிட்டு, படத்தை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னோம்.

பின்சேர்க்கை 2: ஸ்கிரிப்டில் 'இந்திய நேரம்' என்ற இரண்டு வார்த்தை முதலில் இல்லை. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கமெண்டில், தான் காலை 11 மணிக்கே வந்து யாருமில்லாமல் திரும்பிப் போனதாக எழுதியிருந்தார். அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, நம் 11 மணி அவருக்கு மதியம் 1.30. இலங்கைக்கு நம் நேரமேதான்.

பின்சேர்க்கை 3: மூன்று இடத்திலிருந்து எங்கிருந்து யார் வந்தார் என்று எப்படித் தெரியும் என்று இரண்டு பேர் கேட்டார்கள். படிவத்தில் 'எங்கே பார்த்தீர்கள்?' என்று ஒரு கேள்வியைக் கட்டாயமில்லாமல் வையுங்கள். படிவத்தின் மூன்று புள்ளி மெனுவில் `Pre-fill form` அல்லது `Get pre-filled link` என்று இருக்கும். அதில் அந்தக் கேள்விக்கு 'வாட்ஸப்' என்று நிரப்பி ஒரு லிங்க், 'இன்ஸ்டா' என்று நிரப்பி ஒன்று, 'யூடியூப்' என்று நிரப்பி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நிரப்புபவர் அதைத் தொட வேண்டியதில்லை, விடை தானாகவே ஷீட்டில் வந்து விழும். எங்களுக்கு வாட்ஸப்பிலிருந்துதான் அதிகம் வந்தார்கள். அடுத்த வகுப்புக்கு ஷார்ட்ஸ் பதிப்பை எடுக்காமல் விட்டுவிட்டேன்.