முதல் வருடம் ஓடிய கணக்கு இரண்டாம் வருடம் ஏன் நின்றது? எண்களை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

என் சித்தி மகள் சேலத்துத் தெருவோரத் தின்பண்டங்களுக்காக ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு நடத்துகிறாள். தட்டுவடை செட், நொறுக்கல், முறுக்கு செட் என்று சாயங்காலத் தள்ளுவண்டிகளைச் சுற்றி எடுத்த ரீல்கள். முதல் 12 மாதத்தில் 18,400 ஃபாலோயர்கள் வந்தார்கள். அடுத்த ஐந்து மாதத்தில் 500 பேர்தான் கூடினார்கள். "அண்ணா, இன்ஸ்டாகிராமே என் ரீச்சை அமுக்கி வச்சிருக்கு" என்றாள். எல்லோரும் முதலில் சொல்வது இதுதான். உண்மையா என்று பார்க்க ஒரு மணி நேரம் போதும். அவளோடு உட்கார்ந்து பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

Settings பகுதியில் Account Status என்று ஒன்று இருக்கும். உங்கள் பதிவுகளைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்க ஏதாவது தடை இருந்தால் அங்கே தெரியும். அவளுடையதில் ஒன்றும் இல்லை. அங்கே தடை இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு மேலே படியுங்கள். கணக்கின் எண்களைக் காட்டும் Insights பகுதியைப் பார்ப்பதற்குக் கணக்கு Professional வகையாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

வந்தவர்களையும் போனவர்களையும் பிரித்து எழுதுங்கள்

ஃபாலோயர் எண்ணிக்கை ஒன்றை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது. ஒரு பக்கம் தண்ணீர் விழுந்துகொண்டும் இன்னொரு பக்கம் ஒழுகிக்கொண்டும் இருக்கிற தொட்டி அது. Insights-இல் Total followers-ஐத் தொட்டால் Growth என்ற இடத்தில் Follows, Unfollows இரண்டும் தனித்தனியாக வரும். 30 நாளுக்கு எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆப் ரொம்பப் பழைய கணக்கைக் காட்டாது என்பதால் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். எங்களுக்கு அதிர்ஷ்டம், ஜனவரியில் ஒரு கடைக்காரர் விளம்பரத்துக்காகக் கேட்டபோது அவள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்கள் வாட்ஸப்பிலேயே கிடந்தன.

ஜனவரியில் 8,000 ஃபாலோயர்கள் இருந்தார்கள். அந்த மாதம் வந்தவர்கள் 2,400, போனவர்கள் 200. நவம்பரில் 18,900 பேர் இருந்தார்கள். வந்தவர்கள் 780, போனவர்கள் 690.

போனவர்கள் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டார்களே என்று பதறத் தோன்றும். ஆனால் ஆட்கள் கூடக்கூட விலகுபவர்களும் கூடத்தான் செய்வார்கள். ஜனவரியில் நூற்றுக்கு 2.5 பேர் போனார்கள். நவம்பரில் நூற்றுக்கு 3.7 பேர். கூடியது உண்மைதான். சரி, பழைய விகிதமே நீடித்திருந்தால்? நவம்பரில் சுமார் 470 பேர் போயிருப்பார்கள், 310 பேர் மிஞ்சியிருப்பார்கள். அதுவும் ஜனவரியில் மிஞ்சிய 2,200-க்குப் பக்கத்தில் நிற்காது. ஆக ஒழுகல் சின்னக் காரணம். விழுகிற தண்ணீர் குறைந்ததே பெரிய காரணம்.

இங்கே இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். மாதம் 780 பேர் வந்து, நூற்றுக்கு 3.7 பேர் போய்க்கொண்டே இருந்தால், 21,000 பக்கம் வரவும் செலவும் சமமாகிவிடும். எதுவுமே கெட்டுப்போகாமல் இருந்தாலும் கணக்கு அங்கே நின்றுவிடும்.

வரத்து குறைந்தது எங்கே?

புதிதாக ஒருவர் ஃபாலோ செய்ய இரண்டு விஷயம் நடக்க வேண்டும். ரீல் அவர் கண்ணில் பட வேண்டும். பார்த்தபின் அவர் சேரவும் வேண்டும். ரீச்சை அமுக்கிவிட்டார்கள் என்பது முதலாவதைப் பற்றிய புகார். அதைச் சோதிக்க Accounts reached-இல் Non-followers எண்ணை எடுத்து இப்படி வகுங்கள்:

```
Follows ÷ Non-followers × 1000
```

ஜனவரியில் 1,60,000 புதியவர்கள் பார்த்தார்கள். ஆயிரத்துக்கு 15 பேர் சேர்ந்தார்கள். நவம்பரில் பார்த்தவர்கள் 1,30,000. சேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கு 6 பேர். ரீச் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. சேர்பவர்கள்தான் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். பழைய விகிதத்தில் சேர்ந்திருந்தால் நவம்பரிலும் 1,950 பேர் வந்திருப்பார்கள். அமுக்கல் கதை அதோடு முடிந்தது.

"சேலத்தில் பார்க்க வேண்டிய எல்லோரும் பார்த்துவிட்டார்களோ?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. Top locations-இல் சேலம் 35 சதவீதம் இருந்தது, அதாவது சுமார் 6,600 பேர். 2011 கணக்கெடுப்பிலேயே மாநகராட்சியின் மக்கள்தொகை 8 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஊர் தீர்ந்துபோக இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

ரீல் வாரியாகப் பிரியுங்கள்

கடைசி 20 ரீல்களுக்கும் ஒவ்வொன்றாக உள்ளே போய், எத்தனை புதியவர்கள் பார்த்தார்கள், அதிலிருந்து எத்தனை Follows என்று எழுதி, அதே வகுத்தலைப் போட வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் விடை இங்கேதான் கிடைத்தது.

வண்டிக்கடை ரீல்கள் ஆயிரத்துக்கு 12 முதல் 16 வரை தந்தன. ஏற்காடு ரீல்கள் தந்தது இரண்டே பேர். மே மாதக் கோடை விழா சமயத்தில் அவள் ஏற்காடு எடுக்கத் தொடங்கியிருந்தாள்: கொண்டை ஊசி வளைவுகள், ஏரி, பகோடா பாயிண்ட், மூடுபனி. Views கொட்டியது, அதைப் பார்த்து இன்னும் எடுத்தாள். நவம்பரில் பாதிக்கு மேல் மலைதான்.

பனியைப் பார்க்க வந்தவர் பக்கத்தைத் திறந்தால் தட்டுவடை. எதற்குச் சேர்வார்? சேர்ந்த கொஞ்சப் பேரும் ஏற்காடு போய் வந்ததும் விலகிவிடுவார்கள். சீசன் முடிந்த மாதங்களில் Unfollows வரைபடம் மேலே ஏறியிருந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டு எச்சரிக்கை. சில நூறு பேர் மட்டும் பார்த்த ரீலின் விகிதத்தை நம்பாதீர்கள், இரண்டு சொந்தக்காரர்கள் சேர்ந்தாலே அது தாறுமாறாகிவிடும். திடீரென்று ஓடிய ஒரே ஒரு ரீல் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்றதைக் கூட்டுங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள்

அப்புறம் 30 நாள் ஏற்காட்டை நிறுத்தச் சொன்னேன். பதிவிடும் நேரம், பாட்டு, வாரத்துக்கு எத்தனை ரீல் என்பதையெல்லாம் தொடக்கூடாது. எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. இரண்டாவது வாரம் Views விழுந்ததும் போன் வந்தது, "அண்ணா, இருந்ததும் போச்சு!" பொறுத்திரு என்றேன்.

மாத முடிவில் பார்த்த புதியவர்கள் 95,000 ஆகக் குறைந்திருந்தார்கள். சேர்ந்தவர்கள் 1,045, ஆயிரத்துக்கு 11 பேர். போனவர்கள் 640. மிச்சம் 405, நவம்பரில் 90. Views-ஐ மட்டும் பார்த்திருந்தால் இந்த மாதத்தைத் தோல்வி என்றே எழுதியிருப்போம்.

போனவர்கள் எண்ணிக்கை பெரிதாக இறங்கவில்லை. மலைக்காகச் சேர்ந்தவர்கள் உள்ளே இருக்கும்வரை அது இப்படியேதான் இருக்கும், இன்னும் சில மாதம் பிடிக்கும். ஏற்காட்டை ஒரேயடியாக விடவும் அவளுக்கு மனமில்லை. அடுத்த முறை ஏரியை விட்டுவிட்டு அங்கே சுடச்சுட பஜ்ஜி போடுகிற வண்டியிலிருந்து தொடங்கப் போகிறாளாம். அந்த ரீலுக்கு நோட்டில் ஒரு வரி காலியாக விட்டு வைத்திருக்கிறோம்.