தம்பி போட்ட ‘அக்கா’: ஐந்து மேட்சைக் கோத்தால் எவ்வளவு கழிவு? எக்செல்லில் கணக்குப் போடும் முறை

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். கம்பெனியில் பட்டுவாடா முடித்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் இங்கிலாந்தில் இருக்கும் சித்தப்பா மகனிடமிருந்து போன் வரும். அங்கே மத்தியான ஃபுட்பால் மேட்சுகள் ஆரம்பிக்கிற நேரம் நமக்கு ராத்திரி எட்டு, எட்டரை. போன பிப்ரவரியில் ஒரு நாள், “அண்ணா, இந்த வாரமும் அக்கா போட்டேனுங்க, ஒண்ணே ஒண்ணுதான் விட்டுப்போச்சு” என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் புரிந்தது: அக்குமுலேட்டர் என்கிற பந்தயத்தை அந்த ஊரில் செல்லமாக ‘அக்கா’ என்கிறார்கள்.

நாலைந்து மேட்சுகளை ஒரே ஸ்லிப்பில் கோத்து, எல்லாம் சரியாக வந்தால் மட்டும் பணம். ஒன்று தவறினாலும் மொத்தமும் போச்சு. அங்கே அது லைசென்ஸ் உள்ள தொழில். நம் ஊரில் ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதைத் தமிழ்நாட்டுச் சட்டமும் 2025-ன் மத்தியச் சட்டமும் தடுக்கின்றன. எனவே இது எப்படிப் போடுவது என்கிற பதிவு அல்ல. போட்டவனிடம் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற பதிவு. அவன் அனுப்பிய ஸ்லிப்பை வைத்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கு.

ஸ்லிப்பில் இருந்தது இதுதான். ஐந்து மேட்ச், ஒவ்வொன்றிலும் “2.5 கோலுக்கு மேல்”, அதாவது இரண்டு டீமும் சேர்ந்து மூன்று கோலாவது போட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஆட்ஸ் 1.90. கட்டியது 10 பவுண்டு, வந்தால் 247.61 பவுண்டு. 1.90 என்றால் 1 பவுண்டு கட்டி ஜெயித்தால், கட்டியதையும் சேர்த்து 1.90 கைக்கு வரும்.

முதல் படி: எதிர்ப்பக்க ஆட்ஸையும் எடுங்கள்

ஸ்லிப்பில் நீங்கள் எடுத்த பக்கம் மட்டும்தான் தெரியும். கழிவு ஒளிந்திருப்பது இரண்டு பக்கமும் சேருகிற இடத்தில். தம்பியை மறுபடி தளத்துக்குள் போய்ப் பார்க்கச் சொன்னேன். “2.5 கோலுக்குக் கீழ்” என்பதற்கும் 1.90 தான்.

இரண்டாம் படி: தலைகீழாக்கிக் கூட்டுங்கள்

1-ஐ 1.90-ஆல் வகுத்தால் 52.63 சதவீதம். இரண்டு பக்கத்தையும் கூட்டினால் 105.26. கோல் எண்ணிக்கை 2.5-க்கு மேலே இருக்கும், இல்லாவிட்டால் கீழே இருக்கும். இரண்டும் சேர்ந்து 100-தான் வரவேண்டும். மிச்சமுள்ள 5.26-க்கு ஓவர்ரவுண்ட் என்று பெயர். பந்தயம் நடத்துகிற புக்மேக்கரின் லாபம் அதற்குள்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: நான் சறுக்கின இடம்

5.26 என்று பார்த்ததும் “சரி, நூறு ரூபாய்க்கு 5.26 ரூபாய் எடுக்கிறான்” என்று எழுதிவிட்டேன். தப்பு. இதில் ஒரு மணி நேரம் போனது. அதுவும் பனியன் கம்பெனியில் பத்து வருஷமாகத் துணிக் கணக்குப் போடுகிற நான் சறுக்கியிருக்கவே கூடாது.

புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் எல்லோரும் செய்கிற அதே தப்பு இது. பிராசஸ் லாஸ் 10 சதவீதம், கடைசியில் 100 கிலோ துணி வேண்டும், எவ்வளவு நூல் வாங்க வேண்டும் என்று கேட்டால் 110 கிலோ என்பார்கள். 110-இல் பத்து சதவீதம் போனால் மிஞ்சுவது 99 தான். ஒரு கிலோ குறைகிறது. 100-ஐ 0.90-ஆல் வகுக்க வேண்டும், 111.1 கிலோ.

இங்கேயும் அதே கதை. இரண்டு பக்கமும் சேர்த்து 105.26 பவுண்டு வசூலானால் அதிலிருந்து 100 பவுண்டு திரும்பிப் போகிறது. 100-ஐ 105.26-ஆல் வகுத்தால் 0.95. அதாவது கட்டினதில் 95 சதவீதம் திரும்புகிறது, 5 சதவீதம் கழிவு. ஒரு மேட்சுக்கு 5-க்கும் 5.26-க்கும் பெரிய வித்தியாசமில்லை. ஐந்து மேட்சைக் கோத்தால் ஓவர்ரவுண்ட் 29.2 சதவீதம் என்று வரும், கட்டின பணத்தில் உண்மையான கழிவு 22.6 சதவீதம். இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு முகம்தான். ஆனால் ஒருத்தர் ஒன்றையும் இன்னொருத்தர் மற்றதையும் சொல்லிச் சண்டை போடுவார்கள். நான் எப்போதும் கட்டின பணத்தை வைத்தே சொல்கிறேன்.

நான்காம் படி: கோக்கும்போது என்ன ஆகிறது

அக்குமுலேட்டரை ஒரே பந்தயமாகப் பார்த்தால் புரியாது. முதல் மேட்சில் வந்ததை அப்படியே இரண்டாவதில் வைப்பது, அதில் வந்ததை மூன்றாவதில் வைப்பது என்று பாருங்கள். 10 பவுண்டு 19 ஆகிறது, அப்புறம் 36.10, 68.59, 130.32, கடைசியில் 247.61. கழிவே இல்லாத ஆட்ஸ் 2.00. அதில் இதே பயணம் 20, 40, 80, 160, 320 என்று போகும்.

கடைசி மேட்சுக்குப் போகும்போது அவன் உண்மையில் பந்தயம் கட்டுவது 10 பவுண்டு அல்ல, 130 பவுண்டு. அதன் மேல் மறுபடி 5 சதவீதம். நூல் நிட்டிங்கில் கொஞ்சம், டையிங்கில் கொஞ்சம், காம்பாக்டிங்கில் கொஞ்சம் என்று ஒவ்வொரு இடத்திலும் இழந்துகொண்டே வருகிற மாதிரி. அதனால் கழிவுகளைக் கூட்டக் கூடாது, மிஞ்சுவதைப் பெருக்க வேண்டும்: 0.95-ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.774. இரண்டு மேட்சுக்கு 0.90, எட்டுக்கு 0.66, பத்துக்கு 0.60.

இதே 10 பவுண்டை ஐந்தாகப் பிரித்து ஒவ்வொரு மேட்சிலும் 2 பவுண்டு தனித்தனியாகக் கட்டியிருந்தால் சராசரி நஷ்டம் 50 பென்ஸ். கோத்துக் கட்டினதால் 2.26 பவுண்டு. மேட்சும் அதே, ஆட்ஸும் அதே.

ஐந்தாம் படி: எக்செல்

இணையத்தில் அக்குமுலேட்டர் கால்குலேட்டர் நிறைய இருக்கிறது. நான் பார்த்தவை எல்லாம் ‘வந்தால் எவ்வளவு’ என்று மட்டும் சொல்கின்றன. கழிவைக் கேட்டால் வாய் திறக்காது. எக்செல் போதும், லிப்ரேஆபீஸ் இன்னும் நல்லது, காசில்லை. A பத்தியில் நீங்கள் எடுத்த பக்கம், B-யில் எதிர்ப்பக்கம், வரிசை 2 முதல் 6 வரை.

```
C2: =1/(1/A2+1/B2)
D2: =C2/A2
A8: =PRODUCT(A2:A6)
C8: =PRODUCT(C2:C6)
D8: =PRODUCT(D2:D6)
```

C2, D2 இரண்டையும் 6-ஆம் வரிசை வரை இழுத்துவிடுங்கள். A8-இல் 24.76 வரும், ஸ்லிப்பில் காட்டுகிற ஆட்ஸ். C8-இல் 0.774, திரும்புகிற பங்கு. D8-இல் 0.03125, அதாவது 32-க்கு ஒன்று. A8-ஐ D8-ஆல் பெருக்கினால் C8 வரவேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு வரிசையில் சூத்திரத்தை இழுக்காமல் விட்டிருக்கிறீர்கள். ஜெயம், டிரா, தோல்வி என்று மூன்று முடிவு உள்ள பந்தயம் என்றால் C2 சூத்திரத்தில் மூன்றாவது ஆட்ஸையும் சேருங்கள். இன்னொன்று: கழிவு எல்லாப் பக்கத்திலும் ஒரே விகிதத்தில் பரவியிருப்பதாக இந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. ஜெயிக்க வாய்ப்புக் குறைந்த டீம்களின் ஆட்ஸில் கழிவு பெரும்பாலும் இதைவிடக் கூடவே இருக்கும்.

தம்பியிடம் D8-ஐக் காட்டியபோது அவன் அசரவில்லை. “வருஷத்துல ஒரு தடவை அடிச்சாப் போதுமுங்கண்ணா” என்றான். சரி என்று 38 வாரத்துக்குப் போட்டேன், மொத்தச் செலவு 380 பவுண்டு. அத்தனை வாரத்திலும் ஒரு தடவைகூட வராமல் போக 30 சதவீத வாய்ப்பு. சரியாக ஒரு தடவை வர 37 சதவீதம், வந்தாலும் 247.61-தான் கைக்கு, 132 பவுண்டு நஷ்டம். லாபம் பார்க்க இரண்டு தடவையாவது அடிக்க வேண்டும், அதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு.

அந்த “ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சு” விவகாரமும் இதில் வருகிறது. ஐந்தில் நாலு சரியாக வர ஐந்து வழி, ஐந்தும் சரியாக வர ஒரே வழி. எனவே நூலிழையில் போன மாதிரி தோன்றும் வாரங்கள் ஜெயிக்கிற வாரங்களைப் போல ஐந்து மடங்கு. 38 வாரத்தில் ஏறக்குறைய ஆறு. அவன் போன் பண்ணினதெல்லாம் அந்த வாரங்களில்தான்.

பின்சேர்க்கை 1

பதிவு போட்ட அன்றைக்கே கோபியிலிருந்து ஒருவர் கேட்டார்: “ரிஸ்க் எதுக்குங்க? 1.25 ஆட்ஸ்ல அஞ்சு பெரிய டீமா எடுத்தா நிச்சயம் வருமில்ல?” அதே 5 சதவீதக் கழிவு என்று வைத்தால் ஒவ்வொன்றும் வர உண்மையான வாய்ப்பு 76 சதவீதம். ஐந்தும் சேர்ந்து வர 25 சதவீதம். கைக்கு வருவது 3.05 மடங்கு. பெருக்கிப் பாருங்கள், மறுபடி அதே 0.774 வரும். ஒன்று மட்டும் தவறுகிற வாய்ப்பு 40 சதவீதம்.

பின்சேர்க்கை 2

“கம்பெனிக்காரன் அக்காவுக்குப் பத்து சதவீதம் போனஸ் தர்றானே?” என்று ஒருவர். போனஸ் பெரும்பாலும் லாபத்தின் மேல்தான், கட்டினதின் மேல் அல்ல. 24.76-இல் லாபம் 23.76, பத்து சதவீதம் கூட்டினால் மொத்தம் 27.14. அதை 32-ஆல் வகுத்தால் 0.85. கழிவு 22.6-லிருந்து 15-க்கு இறங்குகிறது. தனியாகக் கட்டினால் 5 தான் என்பதை மறக்க வேண்டாம். ‘ஒன்று தவறினால் பணம் வாபஸ்’ என்கிற சலுகையில், திரும்ப வருவது பணமா இல்லை மறுபடி கட்டுவதற்கான இலவசப் பந்தயமா என்று பாருங்கள். இலவசப் பந்தயத்தில் ஜெயித்தாலும் வழக்கமாக லாபம்தான் கைக்கு வரும், கட்டின தொகை சேராது.

பின்சேர்க்கை 3

மழையால் ஒரு மேட்ச் தள்ளிப்போனால் ஸ்லிப் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார்கள். பொதுவாக அந்த மேட்சை 1.00 என்று வைத்து மற்ற நாலுக்குக் கணக்குப் போடுவார்கள். எக்செல்லில் A, C, D மூன்று பத்தியிலும் அந்த வரிசையில் 1 போடுங்கள். ஒரு நண்பர் A-யில் 0 அடித்துவிட்டு, “சூத்திரம் தப்புங்க, எரர் வருது” என்று எழுதியிருந்தார்; பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் எக்செல் பாவம் என்ன செய்யும். அந்த மேட்ச் கழன்றதும் கழிவு 18.5 சதவீதமாகிறது.