எதிர்த்தரப்பின் பத்தியை முதலில் எழுதுங்கள்

கருத்துக் கட்டுரை எழுதும்போது உங்கள் நிலைப்பாட்டை ஒரே வரியில் குறித்துவிட்டு, உடனே எதிர்த்தரப்பின் பத்தியை எழுதி முடியுங்கள். உங்கள் வாதங்கள் அதற்கு அப்புறம்.

தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதை ஆதரித்து எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சொந்த வாதத்தில் தொடங்கினால், எதிர்ப்பவர்களை 'பெண்கள் வெளியே போவது பிடிக்காதவர்கள்' என்று சுருக்கிவிடுவோம். சுலபமாக அடிக்க முடிகிற எதிரியைத்தான் கை தேடும். அவர்கள் பக்கத்தை முதலில் எழுதினால் உண்மையான கேள்வி வந்து நிற்கும்: "பேருந்தே வராத ஊரில் இலவசத்தால் என்ன பயன்? அந்தப் பணத்தில் புதுப் பேருந்து விடலாமே?"

இப்போது உங்கள் பதிலும் கூர்மையாகும்: "பேருந்துகள் போதவில்லை என்பது சரி. ஆனால் வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்தக் கட்டணம் இன்றைக்கே மிச்சமாகிறது." ஒப்புக்கொள்வது 'ஆனால்' என்பதற்கு முன்னால் வரட்டும், உங்கள் பதில் பின்னால். வரிசை மாறினால் வாசகர் மனதில் எதிர்வாதமே தங்கும்.

எதிர்த்தரப்பு வெறும் தவறான தகவல் என்றால் இந்த முறை வேண்டாம். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்பதற்கு முழுப் பத்தி கொடுத்தால், அதற்கு இல்லாத மதிப்பை நாமே கொடுத்ததாகிவிடும்.