கோபத்துக்கு அடியில் இருந்த அச்சம்

சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பாமல், தொலைபேசியையும் எடுக்காமல் மகன் தாமதித்த இரவுகளில், அவன் உள்ளே வந்ததும் நான் கத்தியதற்கு அவனுடைய அலட்சியமே காரணம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். கத்துவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் மனத்தில் ஓடியதை எழுதிப் பார்க்கும்படி உளவியல் ஆலோசகர் ஒருவர் கூறினார்; எழுதியபோது தாளில் வந்தவை அனைத்தும் விபத்தைப் பற்றிய எண்ணங்களே. அச்சம்தான் முதலில் எழுந்தது. அதைத் தாங்க இயலாத நிலையில் கோபம் இரண்டாவதாக வந்து அதை மூடிக்கொண்டது.

அதன்பின் நான் முதலில் கற்றது, தாடை இறுகுவதையும் குரல் உயர்வதையும் கவனிப்பதே. அந்த அறிகுறி தெரிந்தவுடன், "இருபது நிமிடம் கழித்துப் பேசுவோம்" என்று நேரம் குறிப்பிட்டு அறையை விட்டு விலகுகிறேன். நேரம் சொல்லாமல் விலகினால் எதிரில் இருப்பவருக்கு அது புறக்கணிப்பாகவே படும். இடைவேளையில் மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளிவிடுகிறேன். அப்போது சொல்லவேண்டிய குற்றச்சாட்டுகளை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தால் உடல் தணிவதே இல்லை; படபடப்பு குறையாதிருப்பதைக் கொண்டே அதைக் கண்டுகொள்ளலாம். தணிந்த பிறகு, "கோபத்துக்கு ஒரு நொடி முன்பு என்ன உணர்ந்தேன்?" என்று கேட்டுக்கொண்டு, கிடைத்த விடையையே அவனிடம் சொல்கிறேன்: "உனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்துபோனேன். தாமதமானால் ஒரு செய்தி அனுப்பு."

எல்லாக் கோபமும் இவ்வாறு இரண்டாவதாக வருவதன்று. அநீதியைக் கண்டு எழும் கோபம் பெரும்பாலும் அதுவே முதல் உணர்வு. கை ஓங்கும் அளவுக்குப் போகிறவர்கள் இம்முறையை மட்டும் நம்பியிராமல் மனநல மருத்துவரை உடனே அணுகவேண்டும்.