கட்டப் புதிர் பழக்கும்போது பெரியவர்கள் விடும் பிழைகள்

மூன்று பிள்ளைகள், மூன்று பலகாரம், ஆர் எதை எடுத்தது என்று குறிப்புகளைக்கொண்டு கண்டுபிடிக்கும் கட்டப் புதிர் பத்து வயதுக்கு நல்ல விளையாட்டு. புலமைப்பரிசில் வருடத்தில் இருக்கும் பிள்ளைக்கும் வீட்டில் இதைக் கொடுக்கிறார்கள். கொடுத்த பிறகு பக்கத்தில் இருந்து கெடுக்கிறார்கள். பிள்ளை விடும் சின்னச் சின்னப் பிழைகளைப்பற்றி இங்கே பேச்சில்லை, அவை தானாகத் திருந்தும். பக்கத்தில் இருக்கும் பெரியவர் விடுகிற பிழைதான் திருந்தாமல் நிற்கிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரே புதிரைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். கவின், மாறன், நிலா மூன்று பிள்ளைகள். வடை, பனாட்டு, கச்சான் மூன்று தின்பண்டங்கள். குறிப்பு மூன்று:

1. கவின் வடை எடுக்கவில்லை.
2. நிலா வடை எடுக்கவில்லை.
3. நிலா கச்சான் எடுக்கவில்லை.

சதுர ரூல் கொப்பியில் பிள்ளைகளின் பெயரை நிரைக்கும், தின்பண்டத்தை நிரலுக்கும் எழுதினால் ஒன்பது கட்டம் வரும். முடிவில் மூன்று கட்டத்தில் சரி, ஆறு கட்டத்தில் புள்ளடி.

விதியைச் சொல்லாமல் தொடங்குதல்

“இரண்டு பேரும் வடை எடுக்கலாம்தானே?” என்று பிள்ளை கேட்டால் அது நியாயமான கேள்வி. ஒருவருக்கு ஒன்று, ஒன்று ஒருவருக்கே என்பது கட்டத்தில் எழுதியில்லை. தட்டில் ஒரு வடை, ஒரு துண்டு பனாட்டு, ஒரு சின்னப் பொட்டலம் கச்சான் மட்டும் வைத்துக் காட்டுங்கள், அதுவே விதி.

அழிறப்பர்

மேசையில் வேண்டாம். காரணம் கீழே வரும்.

பொருந்திவிட்ட ஊகத்துக்குச் “சரி” சொல்லுதல்

இந்த ஒரு பிழைதான் கனகாலத்துக்குச் செலவு வைப்பது. எத்தனை தரம் சொன்னாலும் அடுத்த கிழமை திரும்பவும் அதே விறாந்தையில் அதே கூத்துத்தான் நடக்கும்.

முதல் குறிப்பை வாசித்தவுடன் பிள்ளை கவினுக்கும் வடைக்கும் நடுவில் புள்ளடி போடும். போட்ட கையோடு கவின், கச்சான் கட்டத்தில் சரியும் போட்டுவிடும். “எப்பிடித் தெரியும்?” என்று கேட்டால், “கவினுக்குக் கச்சான் எண்டால் உயிர்” என்று பதில் வரும், அல்லது தோள் மட்டும் குலுங்கும். விடைத்தாளைக் கையில் வைத்திருக்கும் அம்மாவுக்கு அது சரியான விடை என்று தெரியும். “கெட்டிக்காரன்!” என்று முதுகில் தட்டிவிடுகிறா. காரியம் அங்கேதான் கெடுகிறது.

கணக்கைப் பாருங்கள். மூன்று பேருக்கு மூன்று பொருளை ஆறு விதமாகக் கொடுக்கலாம். முதல் குறிப்பு அதில் இரண்டை வெட்டுகிறது. மிச்சம் நாலு. அந்த நாலில் இரண்டில் கவினிடம் கச்சான், இரண்டில் பனாட்டு. ஆக பிள்ளையின் ஊகம் இரண்டுக்கு ஒரு தரம் பொருந்தும். பொருந்தும்போதெல்லாம் பாராட்டுக் கிடைத்தால், ஒரு குறிப்பை வாசித்து ஒரு சரி போடுவதுதான் இந்த விளையாட்டு என்று பிள்ளை பழகிக்கொள்ளும். நாலுக்கு நாலு கட்டத்துக்குப் போனால் ஒரு புள்ளடிக்குப் பிறகு அந்த வரியில் மூன்று கட்டம் மிஞ்சும், ஊகம் மூன்றுக்கு ஒரு தரம்தான் பொருந்தும். ஐந்துக்கு ஐந்தில் நாலுக்கு ஒன்று. அங்கே பிள்ளை தடுமாறும்போது “முந்தி நல்லாச் செய்தவன், இப்ப கவனமில்லை” என்று ஏச்சு விழும். முந்தியும் அவன் செய்யவில்லை, பொருந்தியது, அவ்வளவுதான்.

இதன் மறுபக்கமும் இதே அளவுக்குக் கெடுதல். பிள்ளை கவினுக்குப் பனாட்டில் சரி போட்டால் உடனே “வடிவா யோசிச்சனியோ?” என்று கேட்பார்கள். பிழையான நேரத்தில் மட்டும் அந்தக் கேள்வி வருவதைப் பத்து வயதுப் பிள்ளை இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடும். பிறகு அது கட்டத்தைப் பார்க்காது, உங்கள் முகத்தைப் பார்க்கும். பென்சிலைக் கட்டத்தின் மேலே பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிற பிள்ளையைக் கண்டால், விடையை நீங்கள் எப்போதோ கொடுத்துவிட்டீர்கள் என்று அறிந்துகொள்ளுங்கள்.

இதற்குச் செய்யக்கூடியது இரண்டு. முதலாவது, பக்கத்தில் இருப்பவருக்கு விடை தெரியக்கூடாது. மூன்று சிரட்டையைக் கவிழ்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரைச் சோக்கால் எழுதுங்கள். அம்மம்மாவோ அண்ணாவோ பொருட்களை உள்ளே வைத்துக் குறிப்புகளை எழுதிக் கொடுத்துவிட்டு எழும்பிப் போகட்டும். ஒன்பது கட்டமும் நிரம்பிய பிறகுதான் சிரட்டையைத் தூக்கலாம். சரி, பிழை சொல்லும் வேலை சிரட்டைக்குப் போனால் உங்கள் முகத்தில் வாசிக்க ஒன்றும் இராது. (வடையை முதல் நாளே பழைய கடுதாசியில் சுற்றுங்கள். எறும்புக்கு விடை முந்தித் தெரிந்துவிடும்.)

இரண்டாவது, புள்ளடிக்குப் பதில் குறிப்பின் இலக்கத்தை எழுதுவிப்பது. முதல் குறிப்பால் வெட்டிய கட்டத்தில் 1, இரண்டாவதால் வெட்டியதில் 2. ஒரு சரி விழுந்ததால் அதே நிரையிலும் நிரலிலும் அடைபடும் கட்டங்களில் “ச”. சரி போட ஒரு விதி: அந்த நிரையிலோ நிரலிலோ மற்ற இரண்டு கட்டமும் ஏற்கெனவே நிரம்பியிருக்க வேண்டும். “ஏன்?” என்று நீங்கள் கேட்கவே தேவையில்லை, கட்டமே சொல்லும்.

ஒழுங்காகப் போனால் இப்படி நடக்கும். 1 கவின், வடையில். 2 நிலா, வடையில். வடை நிரலில் மாறன் மட்டும் மிஞ்ச, அங்கே சரி. மாறனின் மற்ற இரண்டு கட்டத்திலும் ச. பிறகு 3 நிலா, கச்சானில். நிலாவின் நிரையில் பனாட்டு மட்டும் மிஞ்சும், சரி. அதனால் கவின், பனாட்டில் ச. கவினுக்குக் கச்சான்.

| | வடை | பனாட்டு | கச்சான் |
|---|---|---|---|
| கவின் | 1 | ச | ✓ |
| மாறன் | ✓ | ச | ச |
| நிலா | 2 | ✓ | 3 |

இனி ஊகித்த பிள்ளையை விடுங்கள், பார்ப்போம். முதல் குறிப்புக்குப் பிறகு கவினுக்குப் பனாட்டு என்று சரி போட்டாயிற்று. வாயைத் திறக்காதீர்கள். கவின், கச்சானில் ச. மாறனுக்கும் நிலாவுக்கும் பனாட்டில் ச. இரண்டாம் குறிப்பு வந்து நிலா, வடையில் 2. மாறனுக்கு வடை, நிலாவுக்குக் கச்சான். ஒன்பது கட்டமும் நிரம்பிவிட்டது! பிள்ளை சிரட்டைக்குக் கையை நீட்டும்போது மூன்றாம் குறிப்பு இன்னும் வாசிக்காமல் கிடக்கும். அதை வாசித்து 3 எழுதப் போனால் அங்கே சரி இருக்கும்.

இந்த இடத்தில் வரும் அரை நிமிட மௌனத்தைக் காப்பாற்றுவதுதான் பக்கத்தில் இருப்பவரின் முழு வேலையும். அழிறப்பர் இருந்தால் பிள்ளை எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஊகிக்கும். இல்லாவிட்டால் தேட வேண்டிவரும். நிலாவுக்குக் கச்சான் என்ற சரி ஏன் வந்தது? வடையில் 2, பனாட்டில் ச. அந்தச் ச எங்கிருந்து வந்தது? கவினின் பனாட்டிலிருந்து. கவினின் பனாட்டு எங்கிருந்து வந்தது? அது விழுந்த நேரம் அந்த நிரையில் இருந்தது ஒரே ஒரு 1. இரண்டு கட்டம் நிரம்பவில்லை. பிள்ளை தானே விரலால் பின்னோக்கிப் போய் அந்தக் கட்டத்தில் நிற்கும். அதைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, பக்கத்தில் புதுக் கட்டம் கீறட்டும். பழையது அப்படியே இருக்கட்டும்.

“மூன்றாம் குறிப்பை இன்னொருக்கால் வாசி”

இது விடை சொல்வதேதான். மூன்றில் எது தேவை என்று தெரிவதுதான் பாதி வேலை. பிள்ளை நின்றுபோனால் முதலாம் குறிப்பிலிருந்து எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசியுங்கள். அதற்கும் மேலே வேண்டுமென்றால், “ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிற நிரையோ நிரலோ இருக்கா?” என்று கேட்கலாம். அதுவும் எல்லாப் புதிருக்கும் எந்த நேரத்திலும் கேட்கிற கேள்வியாக இருக்க வேண்டும், விடை முட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில் மட்டும் கேட்கிறதாக இருக்கக்கூடாது.

தமிழ் வினைமுற்று விடையைக் கக்குதல்

ஆங்கிலப் புதிரை மொழிமாற்றி எழுதுபவர்கள் விழும் குழி. “வடை எடுத்தவன் சைக்கிளில் வந்தான்” என்று எழுதினால் நிலா அப்போதே வெட்டுப்பட்டுப் போகிறாள். “வந்தாள்” என்றால் இன்னும் மோசம், மூவரில் ஒரே பெண் பிள்ளை அவள்தான், புதிர் முடிந்தது. மூன்றும் ஆண் பெயராகவோ பெண் பெயராகவோ வையுங்கள், அல்லது “வடை எடுத்த பிள்ளை சைக்கிளில் வந்தது” என்று எழுதுங்கள். “நிலா வடையோ கச்சானோ எடுக்கவில்லை” என்று இரண்டை ஒரு வசனத்தில் அடைத்தாலும் சிக்கல். பழகாத பிள்ளை ஒன்றைக் குறித்துவிட்டு மற்றதைத் தவறவிடும். அதனால்தான் மேலே அதை 2, 3 என்று பிரித்திருக்கிறது.

சரிபார்க்காத புதிரைக் கொடுத்தல்

இரண்டு விடை வரும் புதிரைக் கொடுத்தால் பிள்ளைக்கு ஊகிப்பதைத் தவிர வேறு வழியில்லை, மேலே சொன்ன பழக்கத்தை நீங்களே கையில் திணித்தது போலாகும். எழுதுகிறவர் ஆறு விதத்தையும் ஒரு துண்டில் எழுதி, ஒவ்வொரு குறிப்புக்கும் பொருந்தாததை வெட்டட்டும். நம்முடைய புதிரில் ஆறு, நாலாகி, இரண்டாகி, ஒன்றாக நிற்கும். முடிவில் ஒன்றுக்கு மேலே மிஞ்சினால் குறிப்புக் காணாது.

நேரம் பார்த்தல்

வேண்டாம்.

மூன்றாம் வகையை அவசரமாகச் சேர்த்தல்

பஸ், சைக்கிள், ஓட்டோ என்று வாகனமும் சேர்ந்தால் ஒன்பது கட்டம் இருபத்தேழாகும். பிள்ளைக்கும் பலகாரத்துக்கும் ஒன்று, பிள்ளைக்கும் வாகனத்துக்கும் ஒன்று, பலகாரத்துக்கும் வாகனத்துக்கும் ஒன்று என்று மூன்று பெட்டி. கடைசிப் பெட்டியைப் பெரும்பாலான பிள்ளைகள் வெறுமையாக விட்டுவிடும், அதை எதற்குக் கீறினோம் என்று விளங்காததால். “வடை எடுத்த பிள்ளை பஸ்ஸில் வரவில்லை” என்ற குறிப்பில் பெயரே இல்லை, அதைக் குறிக்க வேறு இடமும் இல்லை. பெட்டியை விளங்கப்படுத்துவதைவிட அட்டைத் துண்டு லேசு. மாறனுக்கு வடை என்று தெரிந்தவுடன் மாறன் அட்டையையும் வடை அட்டையையும் உடுப்புக் கிளிப்பால் சேர்த்துப் பிடித்துவிட்டு, குறிப்பை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். வடை என்று வரும் இடத்தில் பிள்ளையே மாறன் என்று வாசிக்கத் தொடங்கும்போது இருபத்தேழு கட்டத்தைக் கீறலாம். அதுவரை ஒன்பது போதும்.